ஆல்பம் அச்சுக்குப் போகுமுன்

திருமணம் முடிந்து இரண்டொரு மாதங்களில் புகைப்பட நிலையத்தார் ஓர் ஆல்பத்தின் அமைப்பை நம் பார்வைக்கு அனுப்புகிறார்கள். கைபேசியின் சிறு திரையில் ஒவ்வொரு தாளாகத் தள்ளிப் பார்க்கிறோம். எல்லாம் நன்றாய் இருப்பது போலவே தோன்றுகிறது. சரி என்று சொல்லிவிடுகிறோம். ஆல்பம் வீட்டுக்கு வந்த பிறகு, உறவினர் ஒருவர் அதனை மடியில் வைத்துப் புரட்டும்போதுதான் உண்மை தெரிகிறது. பத்தாம் தாளுக்குள் அவர் கை விரைந்து புரட்டத் தொடங்கிவிடுகிறது. தாலி கட்டும் படத்தைக்கூடக் கவனியாமல் கடந்து போய்விடுகிறார். படங்களில் குற்றமில்லை, அவற்றை அடுக்கிய முறையில்தான் குற்றம். அச்சுக்குப் போகுமுன் அந்தக் குற்றத்தை எவ்வாறு கண்டுகொள்வது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இக்குறை முன்னாளில் இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. அதற்குக் காரணம் அக்காலத்துக் கலைஞர்களின் திறமை மட்டுமன்று. அவர்கள் கையாண்ட தாளும் ஒரு காரணம். அன்று புகைப்பட நிலையங்களில் கால் பிளேட், அரை பிளேட், முழு பிளேட் என்று மூன்று அளவுகளே பெரும்பாலும் வழங்கின. கால் பிளேட் என்பது மூன்றே கால் அங்குலத்துக்கு நாலே கால் அங்குலம். முழு பிளேட் ஆறரைக்கு எட்டரை. பெரிய படத்துக்குப் பணம் மிகுதியாகும் ஆதலால், எந்தப் படம் பெரிதாக வேண்டும் என்பதைக் குடும்பத்தார் யோசித்தே முடிவு செய்தனர். பெரிதாக்கும்போது தாளை அழுத்திப் பிடித்த சட்டம், படத்தின் நான்கு புறமும் ஒரே அளவான வெள்ளை விளிம்பைத் தானே விட்டுச் சென்றது. பின்பு அப்படங்களைக் கறுப்புத் தாளில் மூலைப் பொருத்திகளால் பொருத்தினர். இவ்வாறு, அளவுகள் மூன்று, விளிம்பு ஒன்று என்ற கட்டுப்பாடு, யாரும் வகுக்காமலே அமைந்துவிட்டது.

கணினி வந்த பிறகு இந்த இரண்டு கட்டுப்பாடுகளும் ஒருங்கே நீங்கின. இன்று பரவலாய்க் கரிஸ்மா ஆல்பம் என்று வழங்குவதில், படத்தைத் தாளில் ஒட்டுவதில்லை. தாள் முழுவதுமே ஒரே அச்சு. விரித்தால் 36 அங்குல நீளமும் 12 அங்குல உயரமும் உள்ள தாளை அத்தொழிலில் ஒரு ‘ஷீட்’ என்பார்கள். அதன் நடுவே மடிப்பு விழும். ஆகவே ஒவ்வொரு தாளிலும் 18 அங்குலத்துக்கு 12 அங்குலமாக இரண்டு பக்கங்கள் உண்டு. அந்தப் பரப்பில் படத்தை எந்த அளவிலும் வைக்கலாம். எந்த விளிம்பும் கொடுக்கலாம். ஆயத்தமாகக் கிடைக்கும் வடிவமைப்புகளைப் பல தொகுப்புகளிலிருந்து எடுத்து, ஒரு தாளுக்கு ஒன்றாகப் பொருத்தி, வேலையை விரைவில் முடிப்போரும் உண்டு. ஒவ்வொரு தாளும் தனியே பார்த்தால் அழகாய் இருக்கும். முப்பது தாளும் சேர்ந்தால் முப்பது வேறு கைகள் செய்தது போலிருக்கும்.

இதனைத் தெளிவாகக் காண ஓர் ஆல்பத்தை அடிமுதல் முடிவரை வகுத்துப் பார்ப்போம். மணலியில் ஒரு குடும்பத்துத் திருமணம் என்று கொள்வோம். முதல்நாள் மாலை அவ்வூர் மண்டபத்தில் வரவேற்பு. மறுநாள் விடியலில் அங்கேயே முகூர்த்தம். பிறகு மணமக்கள் திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலுக்குச் சென்று வடிவுடையம்மனை வணங்குகின்றனர். சுந்தரர் சங்கிலியாரை மணந்த தலம் அது. குடும்பத்தார் 240 படங்களைப் பொறுக்கியிருக்கிறார்கள். தாள்கள் முப்பது. அவற்றுள் 126 படங்கள் வரவேற்பு மேடையில் எடுத்தவை. 1969-இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அதைச் சூழ்ந்த பிற ஆலைகளும் உள்ள ஊரல்லவா? மணமகனின் தந்தை ஓர் ஆலைத் தொழிலாளர் என்றால், ஒவ்வொரு ஷிப்ட் முடிந்ததும் உடன் வேலை செய்வோர் குழுக் குழுவாக வந்து மேடையேறுவர். யாருடைய படத்தையும் விட முடியாது.

முதல் அமைப்பு இவ்வாறு வருகிறது. முதல் தாளில் மணமக்கள். இரண்டிலும் மூன்றிலும் பந்தக்காலும் நலங்கும். நான்கு முதல் பதினேழு வரை பதினான்கு தாள்கள் வரவேற்பு. தாளுக்கு ஒன்பது படம். பதினெட்டு முதல் இருபத்து நான்கு வரை ஏழு தாள்களில் முகூர்த்தச் சடங்குகள். அடுத்த மூன்றில் ஆசியும் பந்தியும்; இரண்டில் கோயில்; கடைசித் தாளில் மீண்டும் மணமக்கள். தாலி கட்டும் படம் இருபத்திரண்டாம் தாளில், வேறு ஏழு படங்களுக்கு இடையே, அவற்றின் அளவிலேயே இருக்கிறது.

இந்த அமைப்பைத் தாள் தாளாகப் பார்த்தால் எந்தக் குற்றமும் கண்ணில் படாது. ஆகவே முதல் வேலை, முப்பது தாள்களையும் சிறு வடிவாக்கி ஒரே காகிதத்தில் அச்சிட்டுக்கொள்வது. வரிசைக்கு மூன்றாகப் பத்து வரிசைகள். ஒவ்வொரு தாளும் இரண்டு அங்குல நீளம் இருந்தால் போதும். சாதாரண ஏ4 காகிதத்தில் அது அடங்கும். அதைக் கை எட்டும் தூரத்தில் வைத்துக் கண்ணைச் சற்றே இடுக்கிப் பாருங்கள். முகங்கள் மறைந்து, கருமை வெண்மைத் திட்டுகளாக மட்டும் தாள்கள் தெரியும். நம் எடுத்துக்காட்டில் இரண்டாம் வரிசை முதல் ஐந்தாம் வரிசை வரை முழுவதும், ஆறாம் வரிசையில் இரண்டும் ஒரே தாள்போலவே காணப்படும். பார்ப்பவரின் கை விரையும் இடம் அதுதான். தாலிப் படம் எங்கே என்று தேடுங்கள். அதைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது என்பதே இரண்டாவது குற்றத்தின் அடையாளம்.

ஆல்பத்தின் நடை என்பது புரட்டும் கையின் வேகமே. நிறையப் படங்கள் உள்ள தாளில், தன்னையும் தன்னைச் சேர்ந்தவர்களையும் தேடுவதற்காகக் கண் தங்கும்; தேடியது கிடைத்ததும் கை புரட்டும். ஒரே படம் உள்ள தாளில் கை தானே நிற்கும். படங்கள் குறைந்து வெற்றிடம் மிகுந்த தாள், அடுத்து வருவதை எதிர்நோக்கச் செய்யும். இம்மூன்றும் மாறி மாறி வரவேண்டும். ஒரே வகைத் தாள் அடுத்தடுத்து இரண்டுக்கு மேல் வருதல் ஆகாது என்று ஓர் எல்லை வகுத்துக்கொண்டால், மேற்சொன்ன காகிதத்திலேயே பென்சிலால் குறித்துச் சரிபார்த்துவிடலாம்.

இனி, அந்த 126 மேடைப் படங்களை என்ன செய்வது? இங்கேதான் நம் நாட்டு ஆல்பத்துக்கு உரிய இடர்ப்பாடு எழுகிறது. மேல்நாட்டார் எழுதிய வடிவமைப்பு நூல்களைப் படித்தவர், படங்களைக் குறையுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுவார். நமக்கோ ஆல்பம் அழகுப்பொருள் மட்டுமன்று. வந்தவர்களின் வருகைப் பதிவும் அதுவே. மொய்ப் புத்தகத்தில் பெயர் இருப்பதுபோல, ஆல்பத்தில் முகம் இருக்க வேண்டும். அத்தை குடும்பத்தின் படம் விடுபட்டால், வடிவமைப்பின் நடை கெடும் என்று அத்தையிடம் விளக்கம் சொல்லி மீள முடியுமா? ஆகவே படங்களைக் குறைப்பதைவிட, அவற்றைச் செறிய வைப்பதே வழி.

செறிய வைப்பதற்குக் கணக்கு ஒன்று உண்டு. கேமராவின் படம் பெரும்பாலும் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் அமைவது. ஐந்தே கால் அங்குல அகலமும் மூன்றரை அங்குல உயரமும் உள்ள படங்களைக் கால் அங்குல இடைவெளி விட்டு வைத்தால், ஒரு பக்கத்தில் வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை, ஆக ஒன்பது படங்கள் அடங்கும். மேலும் கீழும் அரை அங்குலம் மிஞ்சும். தாளுக்குப் பதினெட்டுப் படங்கள். இது சிறிய அளவு. பழைய கால் பிளேட் போன்றது. இதற்கும் ஓர் எல்லை உண்டு. முகம் சட்டைப் பொத்தான் அளவுக்குக் குறைந்தால் ஆளை அடையாளம் காண்பது அரிது. ஐந்தாறு பேர் நிற்கும் படத்தை முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்டால் முகங்கள் பொத்தான் அளவுக்கு வந்துவிடும். மேடைக் கம்பளத்தையும் செருப்பில்லாத கால்களையும் இழப்பதால் யாருக்கும் குறையில்லை.

பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கும் குழுவுக்கு இந்த அளவு போதாது. அத்தகைய படங்களை எட்டு அங்குல அகலத்தில், ஐந்தும் முக்காலே அரைக்கால் அங்குலமும் என்று கூட்டாமல், ஐந்தும் அதற்கு மேல் முக்கால் அங்குலத்தில் பாதியுமான உயரத்தில் வைத்தால், பக்கத்துக்கு நான்கு அடங்கும். நான்கும் சேர்ந்த கட்டம், சிறிய படங்கள் ஒன்பதும் சேர்ந்த கட்டத்தின் அளவே ஆகும். இது நடு அளவு. ஆலைத் தோழர்களின் குழுக்களும் பெரிய குடும்பங்களும் இதில் வரும்.

இவ்வாறு பிரித்தால் 90 படங்கள் சிறிய அளவில் ஐந்து தாள்களிலும், 24 படங்கள் நடு அளவில் மூன்று தாள்களிலும் அடங்கிவிடும். மீதிப் பன்னிரண்டும் ஒரே குழுவை இருமுறை எடுத்தவை. யாரோ ஒருவர் கண் மூடியிருந்த காரணத்தால் எடுத்த மறுபடங்கள். அவற்றை நீக்குவதால் யாரும் விடுபடவில்லை. பதினான்கு தாள்களில் இருந்த வரவேற்பு எட்டுத் தாள்களுக்கு வந்துவிட்டது. ஆறு தாள்கள் மிச்சம்.

அந்த ஆறில் இரண்டை வரவேற்புக்கே திருப்பித் தருகிறோம், மூச்சு வாங்கும் இடமாக. ஒன்று, அந்தி நேரத்தில் மண்டபத்தின் வெளித்தோற்றம்: சாலையும் சரவிளக்கும், தொலைவில் ஆலைக் குழாயின் உச்சியில் எரியும் சுடரும். மற்றொன்று, மேடைக்குக் கீழே யாரும் அறியாமல் எடுத்த ஒரு படம். வெளித்தோற்றம் நான்காம் தாளில் வரவேற்பைத் தொடங்கி வைக்கும். மற்றது ஒன்பதாம் தாளில் நடுவே நிற்கும். எஞ்சிய நான்கு தாள்களும் முகூர்த்தத்துக்குச் செல்கின்றன. ஏழாக இருந்தது பதினொன்றாகிறது.

இப்பொழுது தாலிப் படத்துக்கு வருவோம். அதனை முழுத் தாளில், 36 அங்குல நீளத்துக்கும் பரப்பிவிடலாமே என்று தோன்றும். அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. தாளின் விகிதம் மூன்றுக்கு ஒன்று. படத்தின் விகிதமோ மூன்றுக்கு இரண்டு. ஆகவே முழுத் தாளை நிரப்ப வேண்டுமானால் படத்தின் உயரத்தில் சரிபாதியை வெட்டி எறிய வேண்டும். 6000 பிக்சல் அகலமும் 4000 பிக்சல் உயரமும் உள்ள படத்தில் 2000 பிக்சல் உயரமே எஞ்சும். தாலிப் படத்தில் மேலே மணமகனின் குனிந்த முகமும், பின்னே விளக்கேந்திய நாத்தனாரும், கீழே மணமகளின் கூப்பிய கையும் உள்ளன. எதை வெட்டுவது? அத்துடன் தாளின் மடிப்பு சரியாக நடுவில் விழும். மணமகளின் முகம் அங்கே இருந்தால் கோடு முகத்தின் மேலேயே ஓடும். இன்னொன்றும் உண்டு. அந்த 6000 பிக்சலும் 36 அங்குலத்துக்கு விரியும்போது அங்குலத்துக்கு 166 பிக்சலே கிடைக்கும். அச்சுக்கூடங்கள் வழக்கமாகக் கேட்கும் 300-இல் இது பாதியைச் சற்றே கடந்த அளவு.

ஒரு பக்கத்தின் அளவை நினைவிற் கொள்ளுங்கள்: பதினெட்டுக்குப் பன்னிரண்டு. அதுவும் மூன்றுக்கு இரண்டுதான். எனவே ஒரு பக்கத்தில் தாலிப் படத்தை வெட்டாமல், மடிப்பும் தொடாமல், முழுமையாக வைத்துவிடலாம். இதுவே பெரிய அளவு. பழைய முழு பிளேட். எதிர்ப் பக்கத்தில் ஒரே ஒரு சிறிய படம்: தாலி ஏறிய நொடியில் மணமகளின் தாயின் முகம். மீதியெல்லாம் வெற்றிடம். இதற்கு முந்தின தாளில், தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்து பெரியோர் தொட்டு ஆசி கூறும் காட்சி, சிறிய அளவில் நான்கைந்து படங்களாக. தட்டு கைமாறிக் கைமாறி வருவதுபோலவே கண்ணும் நகர்ந்து வந்து, அடுத்த தாளில் நின்றுவிடும். தாள் முழுவதும் பரப்புவதை, வானமும் சாலையும் வெட்டுவதற்கு இடம் தரும் மண்டப வெளித்தோற்றம் போன்ற படத்துக்கு மட்டும் ஒதுக்கிக்கொள்ளலாம்.

அளவு மாறுவது அழகுக்காக மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. நம் வீடுகளில் படத்தின் அளவை மரியாதையின் அளவாகப் படிப்போர் பலர். தாய்மாமன் மாலை சூட்டும் படம் சிறியதாகவும், யாரோ ஒரு பிரமுகர் கை குலுக்கும் படம் பெரியதாகவும் இருந்தால், அதனால் வரும் மனத்தாங்கல் ஆல்பத்தைவிட நெடுநாள் நீடிக்கும். ஆகவே, எந்தெந்தப் படம் பெரிய அளவு என்பதைப் படத்தின் தெளிவையோ ஒளியையோ மட்டும் கொண்டு முடிவு செய்யாமல், சடங்கின் முதன்மையைக் கொண்டும் உறவின் முறையைக் கொண்டும் முடிவு செய்ய வேண்டும். புகைப்பட நிலையத்தாருக்கு அது தெரியாது. குடும்பத்தார்தாம் சொல்ல வேண்டும்.

அடுத்தது விளிம்பு. முதல் அமைப்பில் விளிம்புகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். ஒரு தாளில் படத்தின் ஓரம் புகைபோல் மங்கிப் பின்னணியில் கரைகிறது. மற்றொன்றில் வெள்ளைக் கோடு. வேறொன்றில் நிழல். பிறிதொன்றில் மூலைகள் வளைந்திருக்கின்றன. இவ்வேறுபாடுகளைக் காண எளிய வழி, அந்தச் சிறு வடிவக் காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது. தலைகீழாய் இருக்கும்போது முகங்களும் சடங்குகளும் கருத்தை ஈர்ப்பதில்லை. கோடுகளும் இடைவெளிகளும் மட்டும் முன்னிற்கும். மாறுபட்ட விளிம்பு உடனே புலப்படும்.

இவற்றுள் கரையும் விளிம்பு மிகவும் தீங்கானது. குழுப் படத்தின் ஓரத்தில் நிற்பவர் யார்? பெரும்பாலும் கூச்சமுள்ளவர், முதியவர், கடைசியாக அழைக்கப்பட்டவர். விளிம்பைக் கரைத்தால் முதலில் கரைவது அவர் தோளும் முகமுமே. ஆகவே நம் ஆல்பத்துக்கு விதி இரண்டே. சிறிய படமும் நடுப் படமும் நேரான ஓரம், கூரிய மூலை, கால் அங்குல இடைவெளி. பெரிய படம் பக்கத்தின் ஓரம் வரை முழுவதும் செல்லும். நிழலோ கோடோ வேண்டாம். முப்பது தாளுக்கும் இதுவே.

பக்கத்தின் ஓரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அச்சிட்ட தாள்களை ஒட்டி அடுக்கிய பின், ஆல்பத்தின் மூன்று புறத்தையும் இயந்திரம் ஒருசேர வெட்டும். அந்த வெட்டு மயிரிழையும் பிசகாமல் எப்போதும் விழுவதில்லை. ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கரை விட்டிருந்தால், மேலே தடித்தும் கீழே மெலிந்தும் தோன்றும். பார்ப்பவர் கண்ணை அது உறுத்தும். ஆகவே ஒன்று, படம் ஓரத்தைத் தாண்டியே செல்ல வேண்டும். அன்றேல் அரை அங்குலமாவது உள்ளே நிற்க வேண்டும். இடைப்பட்ட நிலை கூடாது. ஓரம் வரை செல்லும் பெரிய படத்திலும், தலையோ கையோ ஓரத்திலிருந்து அரை அங்குலத்துக்குள் இருந்தால் வெட்டுப்படும் என்று கருதி, படத்தைச் சற்று நகர்த்திக்கொள்வது நல்லது.

கடைசியாக ஒரு சோதனை உண்டு. அதற்கு அளவுகோல் வேண்டாம். வீட்டில் உறவுமுறை அறிந்த ஒருவர் வேண்டும். இரு குடும்பத்துப் பெரியவர்களின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவரும் ஆல்பத்தில் எங்கே, எந்த அளவில் இருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மணமகளின் பாட்டி, கணவரை இழந்தவர் என்று கொள்வோம். சடங்குகளில் அவர் தாமே பின்னால் ஒதுங்கி நின்றிருப்பார். பட்டியல் போட்டுப் பார்த்தால், பதினோராம் தாளில் ஒரு சிறிய படத்தின் மூலையில் மட்டும் அவர் இருப்பது தெரியவரும். கணினியில் உள்ள மூலப் படங்கள் சில ஆண்டுகளில் எங்கோ தொலைந்துவிடுகின்றன; அலமாரியில் ஆல்பம் மட்டும் தங்குகிறது. பின்னொரு நாள் சுவரில் மாட்டுவதற்கு அவர் படம் ஒன்று வேண்டுமென்று வீட்டார் தேடும்போது, பிரதி எடுப்பதற்கு அந்த ஆல்பத்தையே திறப்பார்கள். பொத்தான் அளவு முகத்திலிருந்து சுவர்ப் படம் பிறக்காது. பொறுக்கிய 240-க்கு வெளியே எடுத்த படங்களில், பந்தியிலோ வாசலிலோ அவர் தனியே அமர்ந்திருக்கும் படம் ஒன்று இருக்கக்கூடும். அதைக் கேட்டு வாங்கி, ஆசி பெறும் தாளில் நடு அளவிலேனும் வைத்துவிடுங்கள். அப்படி ஒரு படம் எடுக்கப்படவே இல்லையானால், எந்த அமைப்பும் அதை ஈடு செய்யாது.

அச்சாகி ஒட்டிய தாளைப் பிரித்து மாற்ற இயலாது. ஒரு தாள் பிழையானாலும் ஆல்பம் முழுவதையும் மீண்டும் செய்ய நேரும். ஆகையால் இந்தச் சோதனைகள் எல்லாம் அமைப்பு, காகிதத்தில் சிறு வடிவாக இருக்கும்போதே நடக்க வேண்டியவை. ஒரு காகிதம், ஒரு பென்சில், ஒரு மாலைப்பொழுது, இவ்வளவே செலவு. நிலையத்தாரிடம் சரி என்று சொல்வதை அந்த மாலை வரை தள்ளி வையுங்கள்.